எக்ஸ்ரேயில் வெள்ளை என்றால் சளியா?

கேள்வி: "அப்பாவுக்கு 62 வயது. பத்து நாளாக இருமல், நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். படத்தில் வலது பக்கம் கீழே வெள்ளையாக இருக்கிறது, மற்ற இடமெல்லாம் கருப்பு. வெள்ளை என்றால் சளியா? கருப்பு நல்லதா கெட்டதா? நடுவில் சாம்பலாக இருப்பது என்ன? டாக்டரைப் பார்க்க நாளை மறுநாள்தான் நேரம் கிடைத்திருக்கிறது."

அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது, நெஞ்சு வலிக்கிறது, காய்ச்சல் இறங்கவில்லை, இருமினால் ரத்தம் வருகிறது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் நாளை மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம், இன்றே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். இல்லையென்றால் நிதானமாகப் படியுங்கள். நான் டாக்டர் இல்லை. 26 வருடமாக அரசு மருத்துவமனைகளில் எக்ஸ்ரே எடுக்கிறவன். படம் எப்படி வெள்ளையாகிறது, எப்படிக் கருப்பாகிறது, எந்த இடத்தில் ஆளை ஏமாற்றும் என்பதெல்லாம் எனக்குக் கைப்பழக்கம். இன்ன நோய் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ரேடியாலஜிஸ்ட்டின் வேலை, அதற்குள் நான் போகவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது இருட்டறை இருந்தது. கேசட்டிலிருந்து பிலிமை எடுத்து, சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் டெவலப்பர் தொட்டியில் முக்கி, தண்ணீரில் அலசி, ஹைப்போவில் போட்டு, கிளிப் மாட்டிக் காயவைக்க வேண்டும். பிலிமின் மேல் பூசியிருப்பது வெள்ளி உப்பு. கதிர் வந்து சேர்ந்த இடத்தில் அந்த உப்பை டெவலப்பர் வெள்ளித் துகளாக மாற்றிவிடும், அந்தத் துகள் கருப்பாகத் தெரியும். கதிர் வராத இடத்து உப்பை ஹைப்போ கழுவி எடுத்துவிடும், அங்கே வெறும் பிளாஸ்டிக்தான் மிஞ்சும். அதை விளக்குப் பெட்டியில் மாட்டினால் பின்னாலிருக்கும் வெளிச்சம் அப்படியே ஊடுருவி வெள்ளையாகத் தெரியும். புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் ஒருநாள் கதவைச் சரியாகச் சாத்தாமல் பிலிம் பெட்டியைத் திறந்துவிட்டான். அன்று அந்தப் பெட்டியிலிருந்து எடுத்த படமெல்லாம் தொட்டியிலிருந்து கரித்துண்டு மாதிரி வந்தது. ஆக, கருப்பு என்றால் கதிர் தடையில்லாமல் வந்து சேர்ந்திருக்கிறது, வெள்ளை என்றால் வழியில் ஏதோ அதை நிறுத்திவிட்டது. வெள்ளைதான் நிழல். வெயிலில் நிற்கிற ஆளின் நிழல் கருப்பாக விழுந்து பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகப் படும். இப்போது எல்லாம் டிஜிட்டல், தொட்டியும் இல்லை, ஹைப்போ வாடையும் இல்லை. ஆனால் பிலிம் காலத்து வழக்கத்தையே கம்ப்யூட்டரும் பின்பற்றுகிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் கருப்பு வெள்ளை இரண்டும் இடம் மாறிவிடும் என்பது வேறு விஷயம்.

எது கதிரை நிறுத்தும் என்று பார்ப்போம். பொருள் எவ்வளவு தடிமன், எவ்வளவு அடர்த்தி, அதிலுள்ள அணுக்கள் எவ்வளவு பெரியவை, இந்த மூன்றும் சேர்ந்துதான் நிறத்தைத் தீர்மானிக்கின்றன. சாதாரண எக்ஸ்ரேயில் ஐந்து படிகளைப் பிரித்துப் பார்க்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள்: காற்று முழுக் கருப்பு, கொழுப்பு அடர் சாம்பல், தண்ணீரும் தசையும் வெளிர் சாம்பல், எலும்பு வெள்ளை, உலோகம் பளீர் வெள்ளை. கொழுப்பு தண்ணீரைவிடக் கொஞ்சம் லேசு, தசை தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அதனால் நடுவிலிருக்கும் இரண்டு சாம்பலுக்கும் வித்தியாசம் ரொம்பக் கம்மி. எலும்பு வெள்ளையாவதற்குக் காரணம் அது கெட்டியாக இருப்பது மட்டுமல்ல, அதிலுள்ள கால்சியம். தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனின் அணு எண் 8, கால்சியத்துக்கு 20. அணு எண் ஏற ஏற கதிரை விழுங்கும் சக்தி பல மடங்கு ஏறும். வயிற்றுப் படத்துக்குக் குடிக்கக் கொடுக்கும் பேரியத்துக்கு 56, எங்கள் ஏப்ரனில் இருக்கும் ஈயத்துக்கு 82.

இப்போது உங்கள் "சளியா?" என்ற கேள்வி. அந்த மூன்றாவது படியில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தண்ணீர், ரத்தம், சீழ், சளி, இதயத் தசை, கல்லீரல், கட்டி, எல்லோருக்கும் ஒரே படி. நெஞ்சுக்குள் ஒரு லிட்டர் ரத்தம் இருந்தாலும் ஒரு லிட்டர் சீழ் இருந்தாலும் படத்தில் நிறம் ஒன்றுதான். வெள்ளையை வைத்து இது சளி, இது நீர், இது கட்டி என்று யாராலும் சொல்ல முடியாது, 30 வருடம் படம் பார்த்த ரேடியாலஜிஸ்ட்டாலும் முடியாது. அவர் பார்ப்பது நிறத்தை இல்லை, அந்த நிறத்தின் ஓரத்தை. எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, எந்தக் கோட்டை அழித்திருக்கிறது, பக்கத்தில் இருப்பதைத் தள்ளுகிறதா இழுக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம், இதிலேயே உங்கள் கவலை பாதி தீர்ந்துவிடலாம். "வலது பக்கம்" என்று எழுதியிருக்கிறீர்கள். யாருடைய வலது? எக்ஸ்ரே படத்தை எதிரே நிற்கும் ஆளைப் பார்ப்பது போலத்தான் பிடித்துப் பார்க்க வேண்டும். உங்கள் வலது கைப் பக்கம் இருப்பது அப்பாவின் இடது பக்கம். அங்கே கீழே வெள்ளையாக, கொழுக்கட்டை சாய்ந்து கிடப்பது போலத் தெரிவது அவருடைய இதயம், அது அங்கே இருந்துதான் ஆக வேண்டும். படத்தை வாங்கிக்கொண்டு வெளியே போகிறவர்கள் திரும்பி வந்து "இங்க ஏதோ வெள்ளையா இருக்கே சார்" என்று இதயத்தையே காட்டிக் கேட்பது வாரத்துக்கு ஒரு தடவையாவது நடக்கும். இன்னொன்று, இரண்டு நுரையீரலுக்கும் கீழே குடை விரித்த மாதிரி இரண்டு வளைவு தெரியும், அவை உதரவிதானம். அப்பாவின் வலது பக்கத்தில் அந்த வளைவுக்குக் கீழே முழுக்க வெள்ளையாக இருப்பது கல்லீரல், அதுவும் இயல்புதான். படத்தின் ஓரத்தில் ஆர் அல்லது எல் என்று ஓர் ஆங்கில எழுத்து இருக்கும், ஆர் இருக்கும் பக்கம் அப்பாவின் வலது. அந்த எழுத்து நேராகத் தெரிகிற மாதிரி படத்தைப் பிடித்து இன்னொரு முறை பாருங்கள்.

சரி, அதெல்லாம் பார்த்தாயிற்று, அப்பாவின் வலது பக்கத்திலேயே, உதரவிதான வளைவுக்கு மேலேயே வெள்ளை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கேதான் ஓரம் என்று நான் சொன்னது வேலைக்கு வரும். வெள்ளை வேட்டியில் சுண்ணாம்பு பட்டால் கண்ணுக்குத் தெரியாது, கருப்புச் சட்டையில் பட்டால் எதிர்வீட்டுக்காரருக்கும் தெரியும். இதயத்தின் ஓரம் படத்தில் கோடு போட்ட மாதிரித் தெரிவதற்குக் காரணம், அதை ஒட்டி நுரையீரலின் காற்று இருப்பது. வெளிர் சாம்பலும் கருப்பும் சந்திப்பதால் கோடு பிறக்கிறது. அந்த நுரையீரல் பகுதியில் காற்றுக்குப் பதில் சீழோ சளியோ நிரம்பிவிட்டால் இரண்டும் ஒரே படியாகிவிடும், கோடு காணாமல் போய்விடும். அமெரிக்காவில் பென்ஜமின் ஃபெல்சன் என்ற ரேடியாலஜிஸ்ட் 1950-ல் இதை விரிவாக எழுதினார், சில்லவுட் சைன் என்று பெயர். வலது நுரையீரலுக்கு மூன்று பகுதிகள். நடுப்பகுதி இதயத்தின் வலது ஓரத்தை ஒட்டியிருக்கிறது, கீழ்ப்பகுதி உதரவிதானத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. இதயத்தின் வலது ஓரம் அழிந்து உதரவிதான வளைவு தெளிவாக இருந்தால் கோளாறு நடுப்பகுதியில். வளைவு அழிந்து இதய ஓரம் தெளிவாக இருந்தால் கீழ்ப்பகுதியில். தட்டையான ஒரே படத்தில் முன்னால் இருப்பதா பின்னால் இருப்பதா என்று சொல்ல முடிவது இந்தத் தந்திரத்தால்தான்.

சில வருடம் முன்பு வந்த ஒருவரைச் சொல்கிறேன், ஆளை அடையாளம் தெரியாதபடி. ஐம்பதைத் தாண்டியவர், மூட்டை தூக்குகிற வேலை. மூன்று வாரமாக மாலையில் காய்ச்சல், வலது பக்கம் கனமாக இருக்கிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றார். நிற்கவைத்து, நெஞ்சைப் பலகையில் ஒட்டி, முதுகிலிருந்து கதிர் போகிற மாதிரி, 180 சென்டிமீட்டர் தூரத்தில் குழாயை வைத்து எடுத்தேன். அந்தத் தூரத்துக்குக் காரணம் உண்டு, குழாய் பக்கத்தில் இருந்தால் இதயத்தின் நிழல் பெரிதாக விழும், இல்லாத இதய வீக்கம் படத்தில் வந்துவிடும். படம் வந்ததும் நான் முதலில் நோயைப் பார்ப்பதில்லை, என் வேலை சரியாக இருக்கிறதா என்று பார்ப்பேன். இரண்டு காறை எலும்பின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆள் திரும்பி நின்றிருக்கிறார், ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் வரும். உதரவிதானத்துக்கு மேல் முன்பக்க விலா ஆறு எண்ண முடிய வேண்டும், குறைந்தால் மூச்சை முழுக்க இழுக்கவில்லை. இதய நிழலுக்குப் பின்னால் முதுகெலும்பு மங்கலாகத் தெரிய வேண்டும், தெரியவே இல்லையென்றால் கதிர் போதவில்லை. அவருடைய படத்தில் இவை மூன்றும் சரியாக இருந்தன.

அப்புறம்தான் வெள்ளைக்கு வந்தேன். வலது பக்கம் கீழே கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே சீரான வெள்ளை, நடுவே நரம்பு நரம்பாக எதுவும் தெரியவில்லை. உதரவிதான வளைவு அழிந்திருந்தது. விலாவும் உதரவிதானமும் சேரும் ஓரத்தில் கத்திமுனை மாதிரி ஒரு கருப்புக் கோணம் இருக்க வேண்டும், அது மூடியிருந்தது. வெள்ளையின் மேல் ஓரம் மட்டமாக இல்லை, நடுவில் தாழ்ந்து அக்குள் பக்கம் ஏறும் வளைவாக இருந்தது. மூச்சுக்குழாய் நடுவிலேயே இருந்தது. இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் நுரையீரலைச் சுற்றியுள்ள உறைக்குள் நீர் கோத்திருக்கிறது என்ற பக்கம்தான் சாயும். அந்த வளைவைப் பற்றிப் பலருக்கு ஒரு தப்பான எண்ணம் உண்டு, நீர் அக்குள் பக்கம் உயரமாக ஏறி நிற்கிறது என்று. நீர் நுரையீரலைச் சுற்றிலும் ஒரு கிண்ணம் மாதிரிச் சூழ்ந்திருக்கிறது. நடுவில் கதிர் அந்தக் கிண்ணத்தின் முன் சுவரையும் பின் சுவரையும் குறுக்காகக் கடக்கிறது, வழியில் நீர் கம்மி. ஓரத்தில் சுவரின் நீளவாக்கிலேயே போகிறது, வழியெல்லாம் நீர். கண்ணாடி டம்ளரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நடு தெளிவாகவும் இரு ஓரமும் கோடாகவும் தெரிவது இதே காரணத்தால்தான். ஒரே பொருள், ஒரே தடிமன், கதிர் போகிற திசை மட்டும்தான் வேறு. படத்தில் ஓரிடம் அதிக வெள்ளை என்பதற்காக அங்கே கோளாறு அதிகம் என்று நினைக்கக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

டாக்டர் அவரை வலது பக்கமாகப் படுக்கவைத்து இன்னொரு படம் கேட்டார், கதிர் தரைக்கு இணையாகப் போகிற மாதிரி. அந்தப் படத்தில் வெள்ளை இடம் மாறியிருந்தது. கீழே இருந்த நீர் ஓடி, படுத்த பக்கத்து விலாவை ஒட்டி ஒரு பட்டையாகப் படிந்துவிட்டது. நிமோனியாவோ கட்டியோ அப்படி ஓடாது. நிற்கவைத்து எடுக்கும் படத்தில் ஓரத்துக் கோணம் மூடுவதற்கு ஏறக்குறைய 200 மில்லி நீராவது சேர வேண்டும். பக்கவாட்டுப் படத்தில் அதைவிடக் குறைந்த நீரே தெரிந்துவிடும், இப்படி ஒருக்களித்துப் படுக்கவைத்தால் அதைவிடவும் குறைவாக இருந்தாலே போதும். மறுநாள் அல்ட்ராசவுண்ட் பார்த்து ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். வெளிர் மஞ்சளாக இருந்தது, பரிசோதனைக்கு அனுப்பினார்கள், காசநோய் என்று முடிவாகி மாத்திரை தொடங்கினார்கள். கவனியுங்கள், எக்ஸ்ரே சொன்னது நீர் என்பதை மட்டும்தான். காசநோயா, இதயம் பலவீனமானதால் கோத்த நீரா, புற்றுநோயா என்பதை அந்த வெள்ளை கடைசி வரை சொல்லவில்லை.

அதே மனிதர் மல்லாக்கப் படுத்த நிலையில், வார்டுக்குத் தள்ளிக்கொண்டு போகும் மெஷினில் எடுத்திருந்தால் இந்த வளைவே வந்திருக்காது. நீர் முதுகுப் பக்கம் பரவி, வலது நுரையீரல் முழுக்க ஒரு மெல்லிய சாம்பல் திரை போட்ட மாதிரி இருந்திருக்கும், அவ்வளவுதான். எப்படி எடுத்த படம் என்று தெரியாமல் நிறத்தைப் பற்றிப் பேசவே கூடாது.

வலது பக்கம் முழுவதுமே வெள்ளையாக வருகிற படங்களும் உண்டு. அப்போது நான் மூச்சுக்குழாயைத்தான் தேடுவேன். கழுத்திலிருந்து நெஞ்சுக்குள் நடுவே இறங்கும் கருப்புக் குழாய் அது. வெள்ளையிலிருந்து விலகி மறுபக்கம் தள்ளப்பட்டிருந்தால் உள்ளே ஏதோ இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, பெரும்பாலும் நிறைய நீர். வெள்ளையின் பக்கமாகவே இழுக்கப்பட்டிருந்தால் அங்கே இடம் சுருங்கியிருக்கிறது, காற்று போகும் வழி அடைபட்டு நுரையீரல் ஒடுங்கிவிட்டது. ஒன்றில் ஊசி போட்டு நீரை எடுப்பார்கள், மற்றதில் அடைப்பு எங்கே என்று தேடுவார்கள். வெள்ளையை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்று.

கருப்புக்கு வருவோம். நுரையீரல் கருப்பாக இருப்பது நல்லதுதான், ஆனால் வெறும் கருப்பாக இருக்கக் கூடாது. நடுவிலிருந்து ஓரம் நோக்கி மரக்கிளை மாதிரி மெல்லிய வெளிர்க் கோடுகள் பிரிந்து போக வேண்டும். அவை ரத்தக் குழாய்கள். இதைத்தான் பலர் "சளி கட்டியிருக்கு" என்று காட்டுகிறார்கள், பாவம், அது இருந்தால்தான் நிம்மதி. ஒரு பக்கம் ஓரத்தில் இந்தக் கிளைகள் எதுவும் இல்லாமல் வழுவழுவென்று கருப்பாக இருந்து, அதற்கு உள்பக்கம் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு ஓடினால், நுரையீரல் சுவரைவிட்டு விலகி வெளியே காற்று சேர்ந்திருக்கலாம். அது உடனே பார்க்க வேண்டிய விஷயம். இன்னொரு கருப்பு, வலது உதரவிதான வளைவுக்கும் கல்லீரலுக்கும் நடுவே பிறைநிலா மாதிரி வருவது. சமீபத்தில் வயிற்று ஆபரேஷன் ஆகாத ஆளுக்கு வயிற்று வலியோடு அது வந்தால் இரைப்பையோ குடலோ ஓட்டையாகியிருக்கலாம். அப்படி ஒரு படம் வந்தால் நான் வரிசையில் வைக்காமல் கையோடு டாக்டரிடம் கொண்டுபோய்க் காட்டிவிடுவேன். ஆனால் இடது பக்கம் அதே இடத்தில் தெரியும் கருப்பு பெரும்பாலும் இரைப்பையில் இருக்கும் காற்று, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஒரே கருப்பு, வலதில் ஆபத்து, இடதில் சாப்பாட்டோடு விழுங்கிய காற்று.

சாம்பலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். படத்தின் ஒவ்வொரு புள்ளியும் முதுகுத் தோலிலிருந்து நெஞ்சுத் தோல் வரை கதிர் கடந்து வந்த எல்லாவற்றின் கூட்டுத்தொகை. தோள்பட்டைத் தசை, விலா, நுரையீரல், மார்பகம் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுகின்றன. உடம்பு கனத்த பெண்களுக்கு மார்பகத்தின் நிழல் விழுந்து இரண்டு பக்கமும் கீழே மங்கலாக இருக்கும், அறுவையில் ஒரு மார்பகம் எடுத்தவர்களுக்கு அந்தப் பக்கம் மட்டும் கறுத்துத் தெரியும். நுரையீரலில் எதுவும் மாறவில்லை. கிராமத்திலிருந்து வரும் பெண்களிடம் நான் முதலில் சொல்வது சடையைத் தூக்கிக் கொண்டை போடச் சொல்வதுதான். எண்ணெய் தேய்த்து இறுக்கிப் பின்னிய சடை தோளில் கிடந்தால் நுரையீரலின் உச்சியில் திட்டுத் திட்டாகச் சாம்பல் விழும், காசநோய் பெரியவர்களுக்கு விரும்பி வந்து உட்காரும் இடமும் அதே உச்சிதான். சடையை ஒதுக்கி மறுபடி எடுத்தால் திட்டு மறைந்துவிடும். தாலி, தாயத்து, சட்டைப் பையில் மறந்த நாணயம் இவை பளீர் வெள்ளையாக இருப்பதால் யாரையும் ஏமாற்றாது. ஏமாற்றுவது சாம்பல்தான். ஆண்களுக்குக்கூட முலைக்காம்பு சின்ன வட்டமாக விழுந்து கட்டி மாதிரித் தெரியும், சந்தேகம் வந்தால் அதன் மேல் சின்னக் கம்பி ஒட்டி மறுபடி எடுப்போம்.

எலும்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் ஒன்று. எலும்பு முறிவு என்றால் கருப்புக் கோடு என்று எல்லோரும் நினைக்கிறார்கள். முறிந்த துண்டுகள் விலகினால்தான் கருப்பு. ஒன்றுக்குள் ஒன்று நெருக்கிச் செருகிக்கொண்டால் அங்கே எலும்பு இரட்டிப்பாகி வெள்ளைப் பட்டை வரும். வயதானவர்கள் வழுக்கி விழுந்து இடுப்பு படம் எடுத்தால் சில சமயம் அப்படித்தான் இருக்கும், கருப்புக் கோட்டை மட்டும் தேடுகிறவர் "ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிடுவார்.

உங்கள் அப்பா விஷயத்தில் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இருமிக்கொண்டே இருக்கும் ஆளுக்கு மூச்சை முழுக்க இழுத்துப் பிடிப்பது கஷ்டம். "மூச்சை நல்லா இழுங்க, பிடிங்க" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாதியில் விட்டுவிடுவார்கள். அப்போது நுரையீரலின் கீழ்ப்பகுதி நெருங்கி இரண்டு பக்கமும் கீழே வெளுத்துவிடும், இதயமும் அகலமாகத் தெரியும். முன்பக்க விலா நான்கோ ஐந்தோதான் எண்ண முடிகிறது என்றால் அந்த வெள்ளையை நம்ப முடியாது. மாறாக, படம் சுத்தமாக இருக்கிறது என்பதாலும் நிமோனியா இல்லை என்று ஆகிவிடாது, முதல் ஓரிரு நாளில் படத்தில் ஒன்றும் தெரியாமல் இருப்பது உண்டு. அதேபோல், மருந்து வேலை செய்து ஆள் எழுந்து நடமாடின பிறகும் வெள்ளை மறைய வாரக்கணக்கில் ஆகும், வயதானவர்களுக்கு ஒன்றரை, இரண்டு மாதம்கூட இழுக்கும். நான்காம் நாளே மறுபடி எக்ஸ்ரே எடுத்து "இன்னும் அப்படியே இருக்கே" என்று பதறுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

படத்தைப் போனில் எடுத்து அனுப்பட்டுமா என்று அடுத்துக் கேட்பீர்கள் என்று தெரியும். வேண்டாம். ஜன்னலுக்கு நேரே பிடித்து எடுத்தால் போன் தானாக வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து நடுவிலிருக்கும் சாம்பல்களை விழுங்கிவிடும், மெல்லிய கோடுகள் போய்விடும், பிலிமின் பளபளப்பு ஒரு வெள்ளைத் திட்டாக வந்து நிற்கும். அதை வைத்து யாராவது இல்லாத நோயைச் சொல்வார்கள், அல்லது இருக்கிற நோயை விட்டுவிடுவார்கள். டிஜிட்டல் படமாக இருந்தால் எடுத்த இடத்தில் சிடியோ லிங்க்கோ கேளுங்கள், அதைத் திரையில் போட்டு டாக்டர் வெளிச்சத்தை மாற்றி மாற்றிப் பார்க்க முடியும். எழுதின ரிப்போர்ட் தரவில்லையென்றால் அதையும் கேட்டு வாங்குங்கள்.

அப்புறம், பீரோவில் அப்பாவின் பழைய நெஞ்சு எக்ஸ்ரே ஏதாவது கிடக்கிறதா என்று தேடுங்கள். வேலைக்குச் சேரும்போது எடுத்தது, ஏதாவது ஆபரேஷனுக்கு முன் எடுத்தது, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. பத்து வருடம் முன்பும் அதே இடத்தில் அதே அளவு வெள்ளை இருந்திருந்தால் அது பழைய தழும்பாக இருக்க வாய்ப்பு அதிகம், அப்போது இல்லாமல் இப்போது வந்திருந்தால் டாக்டர் வேறு மாதிரி யோசிப்பார். ஒட்டிக்கொண்ட பழைய பிலிமாக இருந்தால் இழுத்துப் பிரிக்காமல் அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள்.